வங்கியில் வாங்கிய 40 கிராம் தங்கப் பத்திரம்: 2028 தையில் கல்யாணம், முன்கூட்டியே எடுப்பதா, நகையாக மாற்றுவதா?

செம்மண்டலம்_சுதா

கடலூரில் எங்கள் வங்கிக் கிளையிலேயே அம்மா பெயரில் அரசு தங்கப் பத்திரம் வாங்கியிருக்கிறோம். 2020-21 வரிசை IX, 40 கிராம். கிராம் 5,000 ரூபாய் வீதம் 2 லட்சம் கட்டினோம். பத்திரத்தில் வெளியீட்டுத் தேதி 2021 ஜனவரி 5 என்று இருக்கிறது. 8 வருடம் முடிவது 2029 ஜனவரி 5.

தங்கை கல்யாணம் 2028 தையில் என்று பேசி முடித்திருக்கிறார்கள். அதாவது பத்திரம் முடிய ஒரு வருடம் இருக்கும்போது. வீட்டில் சித்தப்பா, "காகிதத்தை நம்பிக்கிட்டு இருக்காதீங்க, இப்பவே எடுத்து அஞ்சு பவுனா வாங்கிப் போடுங்க" என்கிறார். முன்கூட்டியே எடுத்தால் எவ்வளவு இழப்பு? இப்போதே நகையாக்குவது லாபமா? கூடவே இன்னும் 2 பவுன் அளவுக்குப் புதிதாகப் பத்திரம் வாங்கலாமா என்று கேட்டதற்குக் கிளையில் "இப்ப வர்றதில்லை" என்றுவிட்டார்கள். அது உண்மைதானா?

பாண்டி_குமரன்

பயப்பட ஒண்ணுமில்லைங்க. 5 வருஷம் முடிஞ்சாச்சுன்னா பூட்டு திறந்த மாதிரிதான். எப்ப வேணும்னாலும் பேங்க்குக்குப் போய் எழுதிக் கொடுத்தா அன்னைக்கு ரேட்டுல பணம் வந்துடும். வரியும் ஒரு பைசா கிடையாது. கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி போய் எடுத்துக்குங்க, வேலை முடிஞ்சது.

மஞ்சக்குப்பம்_கணக்கர்

குமரன் சொல்வதில் "5 வருடம் முடிந்ததும் எடுக்கலாம்" என்பது மட்டும் சரி. "எப்ப வேணும்னாலும்" என்பதை நம்பினால் கல்யாண நேரத்தில் கையைப் பிசைய வேண்டி வரும். ஐந்தாம் வருடத்துக்குப் பிறகும், வட்டி வரும் தேதியில் மட்டும்தான் ரிசர்வ் வங்கி பத்திரத்தைத் திரும்ப வாங்கும். உங்கள் பத்திரத்துக்கு அந்தத் தேதிகள் ஜனவரி 5, ஜூலை 5. வருடத்துக்கு இரண்டே வாசல். தை மாதம் ஜனவரி நடுவில் பிறக்கும், ஆகவே உங்களுக்கு ஒத்துவரும் கடைசி வாசல் 2028 ஜனவரி 5. அதைத் தவறவிட்டால் அடுத்தது ஜூலை, அப்போது கல்யாணமே முடிந்திருக்கும்.

வாசல் திறக்கும் நாளில் போய் நின்றாலும் ஆகாது. ஏறக்குறைய ஒரு மாதம் முன்பிருந்தே கிளையில் விண்ணப்பம் வாங்குவார்கள். எந்த வரிசைக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அரையாண்டுக்கு ஒரு முறை பட்டியல் வெளியிடும். 2027 டிசம்பர் முதல் வாரத்திலேயே அம்மாவை அழைத்துக்கொண்டு போவது நல்லது. பத்திரம் அவர் பெயரில் இருப்பதால் கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

விலையும் "அன்னைக்கு ரேட்" இல்லை. அதற்கு முந்தைய மூன்று வேலை நாட்களில் மும்பையில் உள்ள தங்க வணிகர் சங்கம் 999 தங்கத்துக்கு வெளியிடும் முடிவு விலையின் சராசரி. 2028 ஜனவரி 5 புதன்கிழமை. இடையில் விடுமுறை எதுவும் வராவிட்டால் டிசம்பர் 31, ஜனவரி 3, ஜனவரி 4 ஆகிய நாட்களின் விலைதான் உங்கள் விலை.

புதுப் பத்திரம் பற்றிக் கிளையில் சொன்னது உண்மை. கடைசி வெளியீடு 2024 பிப்ரவரி 12 முதல் 16 வரை, கிராம் 6,263 ரூபாய். அதற்குப் பிறகு அரசு புதிதாக வெளியிடவில்லை. இப்போது பங்குச் சந்தையில் மற்றவர் விற்பதை டீமேட் கணக்கு வழியாக வாங்கலாம், வங்கி கவுன்டரில் கிடைக்காது.

நெல்லிக்குப்பம்_ராஜா

நான் 2023-ல சந்தையிலதான் 30 கிராம் வாங்கி டீமேட்ல வச்சிருக்கேன். முடியும்வரை வச்சிருந்தா வரி இல்லைன்னுதான் வாங்கினேன். இப்ப அது மாறிடுச்சுங்கறாங்களே, நிஜமா?

மஞ்சக்குப்பம்_கணக்கர்

ராஜா, ஆமாம். 2026 பட்ஜெட்டில் அந்தச் சலுகையைச் சுருக்கிவிட்டார்கள். வெளியீட்டின்போதே வாங்கி, இடையில் கைமாறாமல் முதிர்வு வரை வைத்திருக்கும் தனிநபருக்குத்தான் இனி விலக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் இது நடப்பு. சந்தையில் வாங்கியவர் 8 வருடம் முடியும்வரை காத்திருந்தாலும் வாங்கிய விலைக்கும் மீட்பு விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 12.5% வரி உண்டு. அதனால் சுதா இப்போது 2 பவுன் அளவுக்குச் சந்தையில் வாங்குவதாக இருந்தால், பழைய வரிச் சலுகையை மனதில் வைத்து அதிக விலை கொடுக்க வேண்டாம்.

சுதாவுக்கும் இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சட்டத் திருத்தத்தில் "முதிர்வில் மீட்கும்வரை" என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். அப்படியே படித்தால் 2028 ஜனவரி வாசலில் எடுப்பது முதிர்வு ஆகாது. வங்கியில் நேரடியாக வாங்கியவராக இருந்தாலும் முன்கூட்டியே எடுத்தால் லாபத்துக்கு வரி வரும்.

பாண்டி_குமரன்

இதை நான் ஒத்துக்க மாட்டேன். ரிசர்வ் வங்கிகிட்ட கொடுக்குறது விற்பனை இல்லை, மீட்புதான். 2025 வரைக்கும் அஞ்சாம் வருஷம் எடுத்தவங்க யாரும் வரி கட்டலையே. ஒரிஜினலா வாங்கினவங்களைத் தண்டிக்கிறது நோக்கமா இருக்காது.

மஞ்சக்குப்பம்_கணக்கர்

பழைய சட்டத்தில் "மீட்பு" என்று மட்டும் இருந்தது, அதனால் நீங்கள் சொல்வது அப்போது சரி. இப்போது முதிர்வு என்ற நிபந்தனையைச் சேர்த்திருக்கிறார்கள். நோக்கம் எதுவானாலும் வாசகம்தான் நிற்கும். பின்னால் சாதகமாக விளக்கம் வந்தால் மகிழ்ச்சி. கல்யாணச் செலவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் வரி உண்டு என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு இதுதான். எளிதாக இருக்க, எடுக்கும்போது 999 தங்கம் கிராம் 12,500 என்று வைத்துக்கொள்வோம். 40 கிராமுக்கு 5 லட்சம். போட்டது 2 லட்சம், லாபம் 3 லட்சம். அதில் 12.5% என்றால் 37,500. செஸ் சேர்த்து 39,000 ரூபாய். 2029 ஜனவரி 5 வரை வைத்திருந்தால் இந்த 39,000 மிச்சம்.

ஓ.டி_லலிதா

தம்பி, வட்டியை விட்டுட்டீங்களே. வருஷத்துக்கு 2.5% வருது. ஒரு வருஷம் முன்னாடி எடுத்தா அந்த வட்டியும் போகுமே. அதையும் இழப்புல சேர்க்கணும்.

மஞ்சக்குப்பம்_கணக்கர்

லலிதா அக்கா, போகும், ஆனால் சின்னத் தொகை. 2.5% என்பது முதலில் கட்டிய 2 லட்சத்துக்குத்தான். வருடத்துக்கு 5,000, ஆறு மாதத்துக்கு 2,500. தங்கம் ஏறினாலும் வட்டி ஏறாது. பத்திரத்தின் மதிப்பு 5 லட்சம் ஆகிவிட்ட பிறகு இந்த 5,000 வெறும் 1%தான். பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் பலர் இன்னமும் "இரண்டரை வட்டி வருகிறதே" என்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். வாங்கிய வருடத்தில் அது இரண்டரை, இன்று இல்லை. போதாததற்கு அந்த வட்டி வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். பிடித்தம் செய்ய மாட்டார்கள், நாமே காட்ட வேண்டும்.

இருந்தாலும் எட்டு வருடமும் சேர்த்துப் பார்த்தால் வட்டியின் பங்கு தெரியும். 2015 நவம்பரில் வந்த முதல் பத்திரம் கிராம் 2,684. 2023 நவம்பரில் 6,132-க்கு மீட்டார்கள். விலை ஏற்றம் மட்டும் வருடத்துக்கு 10.9% அளவு. அதற்கு வட்டி 2.75%. வட்டியையும் சேர்த்தால் ஏறக்குறைய 13%-ஐத் தொடும். பெட்டியில் இருந்த நகைக்கு அந்த வட்டி கிடையாது, மேலே செய்கூலி போனது போனதுதான்.

நெல்லிக்குப்பம்_ராஜா

அதெல்லாம் சரி சார். ஆனா ராத்திரி ஒரு ஆஸ்பத்திரி செலவுன்னா பத்திரத்தை வச்சு என்ன பண்றது? செயினைக் கழட்டிக் கொடுத்தா காலையில லாரன்ஸ் ரோட்டுல பத்து நிமிஷத்துல பணம். கூட்டுறவு சங்கத்துல 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனைத் தமிழ்நாடு அரசு 2021-ல தள்ளுபடியே பண்ணுச்சு. பத்திரம் வச்சிருந்தவனுக்கு அது கிடைச்சுதா?

மஞ்சக்குப்பம்_கணக்கர்

அவசரத்துக்கு நகைதான் வேகம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. பத்திரத்தின் மேலும் கடன் தரலாம் என்று விதி இருக்கிறது, நகைக்கடனுக்கு உள்ள அதே வரம்புதான். ஆனால் எல்லாக் கிளையும் அதைச் செய்வதில்லை. ஆகவே வீட்டில் இருக்கும் தங்கம் முழுவதையும் பத்திரமாக்கச் சொல்லவே மாட்டேன். சுதா கேட்பது வேறு: 2028-ல் நகையாகப் போகும் 40 கிராம் அதுவரை எந்த உருவில் இருக்க வேண்டும் என்பது.

அதற்கு வருகிறேன். சித்தப்பா "அஞ்சு பவுனா வாங்கிப் போடுங்க" என்றாரே, முதலில் அந்த எண்ணைச் சரிசெய்துகொள்ளுங்கள். 40 கிராம் பத்திரம் 5 பவுன் நகை ஆகாது.

பத்திரம் 24 காரட் விலையில் பணம் தருகிறது, நகை 22 காரட். 12,500-க்கு 916 கணக்கில் 22 காரட் விலை 11,450 வருகிறது. அதற்கு மேல் செய்கூலி சேதாரம் 12% என்று வையுங்கள், பிறகு 3% ஜி.எஸ்.டி. ஒரு கிராம் நகை கைக்கு வரும்போது ஏறக்குறைய 13,209 ரூபாய். 5 லட்சத்தை அதால் வகுத்தால் 37.85 கிராம். அதாவது 4 பவுனும் 5.85 கிராமும். வரி 39,000 போய் 4,61,000 மட்டும் கைக்கு வந்தால் 34.9 கிராம், 4 பவுனும் 2.9 கிராமும். கடைப் பலகை விலை சங்க விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இன்னும் சற்றுக் குறையும். சேதாரம் 18% போடும் வேலைப்பாடு என்றால் சொல்லவே வேண்டாம்.

இந்தச் செய்கூலியும் ஜி.எஸ்.டியும் இப்போது வாங்கினாலும் உண்டு, 2028-ல் வாங்கினாலும் உண்டு. அதனால் பத்திரம் செய்கூலியை மிச்சப்படுத்தும் என்று சொல்வது உங்கள் விஷயத்தில் சரியல்ல. கல்யாணத்துக்கு நகையாகத்தானே போகிறது. அதே நேரம் "விலை ஏறிவிடும், இப்பவே வாங்கு" என்பதும் நிற்காது, விலை ஏறினால் பத்திரமும் கூடவே ஏறும். இப்போதே வாங்குவதில் உண்மையான ஆபத்து வேறு: தங்கைக்கு அந்த மாடல் பிடிக்காமல் கல்யாணத்தின்போது மாற்றினால், கொடுத்த செய்கூலியும் ஜி.எஸ்.டியும் திரும்ப வராது. பழைய நகைக்கு 22 காரட் விலையில் கழிவு போகத்தான் தருவார்கள், புதியதற்கு மறுபடியும் சேதாரம். இரண்டு முறை கட்டுவது அங்கேதான்.

திருப்பாப்புலியூர்_மீனா

இதே கணக்கைப் பாண்டியில் போட்டால் குறையுமா? நேரு வீதியில் வாங்கினால் வரி கம்மி என்று எங்கள் வீட்டில் எப்போதும் அங்கேதான் போவார்கள். அங்கே 11 மாதச் சீட்டு கட்டினால் சேதாரமும் இல்லை என்கிறார்கள். சுதா பத்திரத்தை எடுத்து அதில் போடலாமே?

ஓ.டி_லலிதா

மீனா, வரி வித்தியாசமெல்லாம் வாட் காலத்தோட போச்சு. 2017 ஜூலையில ஜி.எஸ்.டி வந்ததிலிருந்து கடலூரோ பாண்டியோ தங்கத்துக்கு 3%தான். டிசைனுக்காகப் போங்க, வரிக்காகப் போக வேண்டாம். சீட்டைப் பத்தி ஒண்ணு கேட்டுக்கணும்: சேதாரம் இல்லைங்கறது எத்தனை சதவீதம் வரைக்கும்னு. ஒரு வரம்பு வச்சு அதுக்கு மேல நம்மகிட்டதான் வாங்குவாங்க. அதோட மாசாமாசம் கட்டுறதுதான் சீட்டு, மொத்தமா 5 லட்சத்தை அதுல கொண்டு போய்ப் போட முடியாது. இங்கே கேள்வி அது இல்லை.

செம்மண்டலம்_சுதா

4¾ பவுன்கூட வராது என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஐந்து பவுன் இருக்கிறது என்றே மாப்பிள்ளை வீட்டில் பேசியிருக்கிறோம்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். அம்மாவுக்கு வேலை கிடையாது. வைப்புத்தொகை வட்டி வருடத்துக்கு 60,000 வருகிறது, அதோடு இந்தப் பத்திர வட்டி 5,000. அப்படியும் 39,000 கட்ட வேண்டுமா?

மஞ்சக்குப்பம்_கணக்கர்

சுதா, இது எல்லாவற்றையும் மாற்றுகிறது. நான் போட்டது ஏற்கெனவே சம்பளமோ ஓய்வூதியமோ வந்து வரி வரம்பைத் தாண்டியிருப்பவருக்கான கணக்கு.

இந்தியாவில் வசிக்கும் தனிநபரின் மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பை எட்டாவிட்டால், மிச்சமிருக்கும் இடத்தை இந்த நீண்டகால லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய வரி முறையில் வரம்பு 4 லட்சம். அம்மாவுக்கு 65,000 போக 3,35,000 காலியாக இருக்கிறது. கிராம் 12,500 என்றால் லாபம் 3 லட்சம். உள்ளேயே அடங்கிவிடும், வரி பூஜ்யம். குமரன் சொல்வது சரியா நான் சொல்வது சரியா என்ற சண்டையே உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை.

விலை இன்னும் ஏறினால் மட்டும் கவனம். கிராம் 15,000 ஆனால் லாபம் 4 லட்சம். 65,000 வெளியே நிற்கும், அதற்குச் செஸ் சேர்த்து 8,450 வரி. அப்படித் தெரிந்தால் இரண்டாகப் பிரியுங்கள். பகுதியாக எடுக்க விதி இடம் தருகிறது, கிராம் கணக்கில் எவ்வளவு வேண்டுமானாலும். 20 கிராமை 2027 ஜனவரி 5, மீதி 20 கிராமை 2028 ஜனவரி 5. இரண்டும் வேறு வேறு நிதியாண்டு, ஆகவே 4 லட்சம் வரம்பு இரண்டு முறை கிடைக்கும். 2027 ஜூலையும் 2028 ஜனவரியும் என்று பிரித்தால் பயனில்லை, இரண்டும் ஒரே நிதியாண்டில் விழும். 2027-ல் வரும் பணத்தில், மாடல் மாறாத தாலிச் சங்கிலி, வளையல் போன்றவற்றை முதலில் வாங்கிவிடலாம். பணமாக வைத்துக்கொண்டு விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பாண்டி_குமரன்

அப்படின்னா வரம்பைத் தாண்டின வருமானம் உள்ளவங்க என்ன பண்றது? எங்க அண்ணனுக்கு இதே வரிசைதான், அவர் சம்பளக்காரர். பத்திரத்தை அடகு வச்சு ஒரு வருஷம் ஓட்டி, 2029-ல வரி இல்லாம எடுத்தா லாபம்தானே?

மஞ்சக்குப்பம்_கணக்கர்

கணக்கு கிட்டத்தட்ட சமமாகத்தான் வருகிறது. 3.5 லட்சம் கடன், 9.5% வட்டி என்றால் ஒரு வருடத்துக்கு 33,250. வரி 39,000. மிச்சம் ஐயாயிரத்துச் சொச்சம், பத்திர வட்டி 5,000 கூடுதலாக வரும், கடனுக்கான கட்டணம் அதில் கொஞ்சம் கரைக்கும். ஆனால் 5 லட்சமும் தேவை என்றால் 3.5 லட்சம் போதாது. அதோடு அந்த ஒரு வருடத்தில் தங்கம் எப்படிப் போகும் என்பது யார் கையிலும் இல்லை. 2024 ஜூலை 23 அன்று இறக்குமதி வரியை 15%-லிருந்து 6%-ஆகக் குறைத்ததும் உள்ளூர் விலை ஒரே மூச்சில் இறங்கியது, அந்த வாரங்களில் மீட்புக்கு வந்தவர்களுக்குக் குறைந்த விலைதான் கிடைத்தது. லாபம் பெரிதாகப் பெரிதாக வரி ஏறும், கடன் வட்டி ஏறாது. அந்த ஒன்று அண்ணனுக்குச் சாதகம்.

நெல்லிக்குப்பம்_ராஜா

சந்தையில வித்துட்டா? அவருக்கும் ஒரு வழிதானே.

மஞ்சக்குப்பம்_கணக்கர்

வங்கிச் சான்றிதழாக இருப்பதை முதலில் டீமேட்டுக்கு மாற்ற வேண்டும், அதற்கே சில வாரங்கள் பிடிக்கலாம். பிறகு SGBJAN29IX என்ற பெயரில் தேடிப் பாருங்கள், வாங்குபவர் எத்தனை கிராமுக்கு என்ன விலை கேட்கிறார் என்று தெரியும். தினமும் கைமாறும் அளவு குறைவு. 40 கிராமை ஒரே நேரத்தில் தள்ளினால் விலையை இறக்கித்தான் விற்க வேண்டியிருக்கும். வரியும் அதே 12.5%. ஜனவரி, ஜூலை வாசலுக்குக் காத்திருக்க முடியாத அவசரத்துக்கு மட்டும் இது.

செம்மண்டலம்_சுதா

கிளையில் விண்ணப்பம் கொடுக்கும்போது எதில் தடங்கல் வரும்? எங்கள் கிளையில் இதைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

மஞ்சக்குப்பம்_கணக்கர்

தடங்கல் பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதலாவது, பணம் போய்ச் சேரும் கணக்கு. பத்திரம் வாங்கியபோது கொடுத்த கணக்குக்குத்தான் போகும். கணக்கை மூடியிருந்தாலோ, வங்கி இணைப்பில் ஐ.எஃப்.எஸ்.சி மாறியிருந்தாலோ பணம் திரும்பிவிடும். சோதிக்க எளிய வழி உண்டு: கடந்த ஜனவரி 5-ஐ ஒட்டி அம்மா பாஸ்புக்கில் 2,500 வரவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கணக்குச் சரி. வரவில்லை என்றால் இப்போதே கிளையில் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள், கடைசி மாதத்தில் முடியாது.

இரண்டாவது, காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பதிவேற்றாமல் விட்டுவிடுவது. கெடு தாண்டிவிட்டால் யாராலும் சரிசெய்ய முடியாது, ஆறு மாதம் போய்விடும். அசல் சான்றிதழ், பான் நகல், ரத்து செய்த காசோலை ஒன்று எடுத்துப் போங்கள். தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகை வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் போய், "கணினியில் ஏற்றியாச்சா, காட்டுங்க" என்று கேளுங்கள்.

ஓ.டி_லலிதா

சுதா, சான்றிதழ்ல அம்மா பேரும் பான்ல இருக்குற பேரும் ஒண்ணா இருக்கான்னும் பாரு. இனிஷியல் முன்னாடி பின்னாடி இருந்தாலே திருப்பி அனுப்பிடுவாங்க.

பாண்டி_குமரன்

அண்ணன்கிட்ட பேசினேன். பத்திரத்து மேல கடன் அவர் கிளையில தர்றதில்லையாம், மண்டல அலுவலகத்துல கேட்கணுமாம். கடலூர், பாண்டி பக்கம் எந்தக் கிளையிலாவது சமீபத்துல யாராவது வாங்கியிருந்தா வட்டி எவ்வளவு போட்டாங்கன்னு சொல்லுங்க. வரி விஷயத்துல நான் சொன்னதை இன்னும் விடலை, ஆடிட்டர்கிட்ட எழுத்துல கேட்டிருக்கோம்.